வங்கி போடும் டாலர் ரேட்: கேட்காவிட்டால் பைசா பைசாவாகப் போகும்

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஒருவர் போன வாரம் வரவு விவரம் தரும் வங்கி அட்வைஸை எடுத்து வந்தார். 60,000 டாலர் வந்திருக்கிறது. அவரை ஒரு வார்த்தை கேட்காமல் ரூபாயாக மாற்றி வரவு வைத்துவிட்டார்கள். போட்டிருந்தது அன்று காலை வங்கி அறிவித்த கார்டு ரேட். ஏன் போன் செய்து ரேட் பேசவில்லை என்று கேட்டேன். "ரிசர்வ் வங்கி சொல்ற ரேட்டைத்தானே சார் போடுவாங்க, அதுல நாம என்ன பேசறது?" என்றார். இதே பதிலை இந்த ஊரில் எத்தனை பேரிடம் கேட்டாயிற்று! அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வங்கி என்ன ரேட் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி தினமும் நிர்ணயிப்பதில்லை. மதியத்துக்கு மேல் செய்திகளில் வரும் "ரெஃபரன்ஸ் ரேட்"டைப் பார்த்துத்தான் பலர் அப்படி நினைக்கிறார்கள். முன்பு அதை ரிசர்வ் வங்கி வெளியிட்டது. 2018 ஜூலையிலிருந்து எஃப்.பி.ஐ.எல். என்ற நிறுவனம் வெளியிடுகிறது. காலை 11.30 முதல் 12.30 வரையிலான நேரத்தில் வங்கிகள் தங்களுக்குள் மின்னணுத் தளங்களில் செய்த வியாபாரத்திலிருந்து கணக்கிட்டு எடுக்கும் எண் அது. அதாவது, நடந்து முடிந்த வியாபாரத்தின் பதிவு. கணக்குப் பதிவுக்கும் சில ஒப்பந்தங்களைத் தீர்ப்பதற்கும் அது அடிப்படையாகப் பயன்படும். அந்த விலையில் உங்கள் டாலரை வாங்க எந்த வங்கிக்கும் கட்டாயம் இல்லை. காலை 10 மணிக்கு நீங்கள் டாலர் விற்கும்போது அந்த எண் பிறந்திருக்கவே இல்லை. கூகுளில் தெரியும் எண்ணும் அப்படித்தான். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் எடுத்த ஒரு புள்ளி அது. அதில் யாரும் வியாபாரம் செய்வதில்லை.

அப்படியானால் விலை எங்கே உருவாகிறது? வார நாட்களில் காலை 9 மணி முதல் மாலை 3.30 வரை வங்கிகளின் டீலர்கள் திரையில் தங்கள் விலையைப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். ரூபாய்–டாலருக்கு அதிகம் புழங்கும் திரை ராய்ட்டர்ஸ் மேட்சிங். எங்கள் வட்டத்தில் இன்னும் அந்தப் பழைய பெயர்தான். வங்கிகளுக்கிடையிலான டாலர் வியாபாரத்தைத் தீர்த்து வைக்கும் கிளியரிங் கார்ப்பரேஷனின் எஃப்.எக்ஸ். கிளியர் என்ற தளமும் உண்டு. இது போக, புரோக்கர் மூலமும் நேரடி சாட்டிலும் பேசி முடிப்பார்கள். விலை எப்போதும் இரண்டு பக்கமும் சொல்லப்படும்: இந்த விலையில் வாங்குவேன், இந்த விலையில் விற்பேன். ரூபாய் எவ்வளவு என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால் பைசாவை மட்டும் சொல்வார்கள். "நாற்பத்திரண்டு, நாற்பத்திரண்டரை" என்றால் 85.4200-க்கு வாங்குவேன், 85.4250-க்கு விற்பேன் என்று பொருள். சந்தை சுறுசுறுப்பாக இருக்கும்போது இடைவெளி அரைப் பைசாவுக்கும் கீழே போகும். பதற்றமான நாளில் பல பைசா அகலும்.

திரையில் தெரியும் சிறந்த விலை எல்லா வங்கிக்கும் கிடைக்காது. எந்த வங்கியோடு எவ்வளவு வரை வியாபாரம் செய்யலாம் என்று ஒவ்வொரு வங்கியும் வரம்பு வைத்திருக்கும். வரம்பு இல்லாத வங்கியின் விலை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதைத் தொட முடியாது. அதனால் சிறிய வங்கியின் டீலருக்குக் கிடைக்கும் விலையே கொஞ்சம் தள்ளி நிற்கலாம்.

உங்கள் 60,000 டாலர் அந்தத் திரைக்கு அப்படியே போகாது. அங்கே ஒரு வியாபாரத்தின் வழக்கமான அளவு, அதாவது லாட், 10 லட்சம் டாலர். உங்கள் கிளை, வங்கியின் டாலர் வியாபாரத்தைக் கவனிக்கும் ட்ரெஷரி பிரிவைக் கேட்கும். ட்ரெஷரி வங்கிகளுக்கிடையிலான விலையில் தன் பங்கை எடுத்துக்கொண்டு கிளைக்கு ஒரு ரேட் சொல்லும். கிளை அதிலிருந்து தன் மார்ஜினைக் கழித்து உங்களுக்குச் சொல்லும். உங்களைப் போன்றவர்களிடம் வாங்கியதைச் சேர்த்து வைத்து, அளவு சேர்ந்ததும் ட்ரெஷரி சந்தையில் விற்கும், அல்லது அதே வங்கியில் டாலர் கேட்கும் இறக்குமதியாளருக்குக் கொடுத்துவிடும். ஆக, உங்களிடமிருந்து கழிவது இரண்டு இடத்தில். நீங்கள் பேரம் பேச வேண்டியதும் அந்தக் கழிவைப் பற்றித்தான்.

கார்டு ரேட் வேறு கதை. காலையில் ஒருமுறை போட்டால், பெரும்பாலும் நாள் முழுக்க அதுதான். சந்தை எந்தப் பக்கம் போகும் என்று தெரியாததால் வங்கி தாராளமாக இடைவெளி விட்டே அதைப் போடும். சிறு தொகைகளுக்காக ஏற்பட்ட ஏற்பாடு அது. அதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆனால் ஒரு கன்டெய்னர் சரக்கின் பணத்தை அதில் மாற்றக் கூடாது.

நம்மவர் கணக்கைப் பார்ப்போம். எளிதாக இருக்க எண்களை முழுமையாக்கியிருக்கிறேன். வரவு வைத்த நேரத்தில் வங்கிகளுக்கிடையே வாங்கும் விலை 85.42. அவருக்குக் கிடைத்தது 84.92. ஐம்பது பைசா வித்தியாசம். இதில் நியாயமானது எவ்வளவு? திரையில் தெரிவது ஸ்பாட் விலை, அதாவது இரண்டு வேலை நாள் கழித்துப் பணம் கைமாறும் விலை. அன்றைக்கே ரூபாய் வேண்டுமென்றால் 'கேஷ்' விலைதான் கிடைக்கும். ரூபாயின் வட்டி டாலர் வட்டியைவிட அதிகமாக இருக்கும் காலத்தில் அது ஸ்பாட்டைவிடக் கொஞ்சம் குறையும். இரண்டு நாளுக்கு ஒரு பைசா என்று வைத்துக்கொள்வோம். வார இறுதி குறுக்கிட்டால் இன்னும் கூடும். வங்கிக்கு மார்ஜின் ஐந்து பைசா. 85.36 வந்திருக்க வேண்டும். 44 பைசா குறைவு. 60,000 டாலருக்கு 26,400 ரூபாய். ஒரே பில்லில்! பஞ்சு விலைக்கும் டையிங் கூலிக்கும் அவ்வளவு பேரம் பேசும் மனிதர் இதைக் கேட்காமல் விட்டாரே என்று எனக்கு மனசு ஆறவில்லை.

தயவுசெய்து இதையாவது செய்யுங்கள். என் உத்தரவு இல்லாமல் டாலரை ரூபாயாக மாற்றக் கூடாது என்று வங்கிக்கு எழுத்தில் கொடுங்கள். பணம் வந்த தகவல் கிடைத்ததும் சந்தை நேரத்துக்குள் பேசுங்கள். 9 மணி அடித்தவுடனும் 3.30 நெருங்கும்போதும் வேண்டாம், இடைவெளி அகன்றிருக்கும். "என்ன ரேட் தருவீங்க?" என்று கேட்காதீர்கள். "இப்போ இன்டர்பேங்க் பிட் என்ன, அதிலிருந்து எத்தனை பைசா கழிக்கிறீங்க, கேஷ்–ஸ்பாட் எவ்வளவு?" என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். பிட் என்பது வங்கிகளுக்கிடையே வாங்கும் விலை, கேஷ்–ஸ்பாட் என்பது மேலே சொன்ன அந்த இரண்டு நாள் வித்தியாசம். மார்ஜினை ஆண்டுக்கு ஒருமுறை பைசாவில் பேசிக் கடிதமாக வாங்கிவிட்டால் ஒவ்வொரு முறையும் சண்டை போட வேண்டியதில்லை. டீல் முடிந்த நேரத்தையும் குறித்து வையுங்கள். நேரம் தெரியாவிட்டால் அந்த ரேட் சரியா தவறா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

இன்னொரு வழியும் இருக்கிறது. 2019 ஆகஸ்டில் கிளியரிங் கார்ப்பரேஷன் எஃப்.எக்ஸ். ரீடெய்ல் என்ற தளத்தைத் தொடங்கியது. உங்கள் வங்கி மூலம் பதிவு செய்துகொண்டு நீங்களே அங்கே விலை கேட்கலாம். டாலர் வாங்குபவர், விற்பவர் ஆர்டர்கள் பெயர் தெரியாமல் பொருந்தும். பணம் உங்கள் வங்கி வழியாகவே வரும், வங்கி தன் கட்டணத்தைத் தனியாகச் சொல்லி எடுக்கும். விலை வேறு, கட்டணம் வேறு என்று பிரிந்து கண்ணுக்குத் தெரிவதுதான் இதன் முழுப் பயன். அதில் வியாபாரமே செய்யாவிட்டாலும், கிளையோடு பேசும்போது பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளலாம். சில கிளைகளில் "அப்படி ஒண்ணு இல்லையே" என்பார்கள். அங்கே வாக்குவாதம் வேண்டாம். வங்கியின் ஃபாரெக்ஸ் பிரிவுக்கு மின்னஞ்சலில் பதிவுக் கோரிக்கை அனுப்பி, கிளை மேலாளருக்கும் ஒரு பிரதி போடுங்கள்.