பில் எண் இல்லாமல் “பணம் வரவில்லை” என்று எழுதும் வெண்டருக்கு என்ன பதில் எழுதுவது?

“சார், எங்கள் பேமென்ட் இன்னும் வரவில்லை. தயவுசெய்து உடனே ஆவன செய்யவும்.” அக்கவுண்ட்ஸ் பிரிவில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்த மின்னஞ்சல் பழகிப்போன ஒன்று. எந்த பில், என்ன தேதி, எவ்வளவு தொகை, எதுவும் இருக்காது. அனுப்பியவரைக் குறை சொல்லவும் முடியாது. அவர் மனதில் அந்த ஒரு பில் மட்டும்தான் இருக்கிறது, நமக்கும் அது தெரியும் என்று நினைக்கிறார்.

இதற்கு இரண்டு பதில்கள் சட்டென்று கைக்கு வரும். ஒன்று, “அடுத்த வாரம் அனுப்பிவிடுகிறோம்.” இன்னொன்று, லெட்ஜரைத் திறந்து பார்த்துவிட்டு, “எங்கள் கணக்கில் உங்களுக்குப் பாக்கி எதுவும் இல்லை.” முதலாவது ஆபத்து என்பது எல்லோருக்கும் தெரியும். எந்த பில் என்றே தெரியாமல் கொடுத்த வாக்கு அது. இரண்டாவதுதான் நியாயமானதுபோலத் தெரிந்து சிக்கலை வளர்க்கும்.

ஒரு தொழிற்சாலையின் ஏசி பராமரிப்பைக் கவனிக்கும் சிறு நிறுவனம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கூட்டாண்மை நிறுவனம் என்பதால் டிடிஎஸ் 2 சதவீதம். அது மூன்று பில்கள் போட்டிருக்கிறது. 41-ம் எண் பில் 50,000 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டியுடன் 59,000. 47-ம் எண் பில் 62,000, ஜிஎஸ்டியுடன் 73,160. 52-ம் எண் பில் 40,000, ஜிஎஸ்டியுடன் 47,200.

ஜூன் கடைசியில் தொழிற்சாலை 41, 52 இரண்டுக்கும் சேர்த்து ஒரே என்இஎஃப்டியாகப் பணம் அனுப்பியது. பில்லில் ஜிஎஸ்டி தனியாகக் காட்டப்பட்டிருந்தால் டிடிஎஸ் பிடிப்பது ஜிஎஸ்டி இல்லாத தொகைக்குத்தான். அதனால் 1,000-மும் 800-மும் பிடித்தது போக, வங்கியில் வரவானது 1,04,400. எந்தெந்த பில்லுக்கு என்ற விவரம் வெண்டரின் பழைய மின்னஞ்சல் முகவரிக்குப் போனது. அதை அங்கே யாரும் திறப்பதில்லை.

வெண்டரின் கணக்கர் என்ன செய்தார்? வந்த தொகை எந்த பில்லோடும் பொருந்தாததால் பழைய பில்லிலிருந்து வரிசையாகக் கழித்தார். 41-க்கு 59,000 போக மீதி 45,400-ஐ 47-ல் வரவு வைத்தார். அவர் கணக்குப்படி 47-ல் 27,760 பாக்கி, 52 முழுசாகப் பாக்கி, மொத்தம் 74,960. ஆனால் தொழிற்சாலையின் லெட்ஜரிலோ பாக்கி பூஜ்யம். ஏனென்றால் 47-ம் எண் பில் அக்கவுண்ட்ஸுக்கு வரவே இல்லை. டெக்னீஷியன் அதை சர்வீஸ் ரிப்போர்ட்டோடு சேர்த்துப் பராமரிப்புப் பொறியாளரிடம் கொடுத்தார். அவருடைய மேஜையில் அது தங்கிவிட்டது.

பதிவு செய்யாத பில்லைக் கண்டுபிடிக்க ஜிஎஸ்டி தளத்தில் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையைப் பார்க்கலாமே என்று கேட்பீர்கள். நல்ல வழிதான். வெண்டர் தன் ஜிஎஸ்டிஆர்-1-ஐத் தாக்கல் செய்திருந்தால், பில் நம் கைக்கு வராவிட்டாலும் அதன் எண்ணும் தொகையும் அங்கே தெரியும். பதில் எழுதுவதற்கு முன்னால் நான் அதைப் பார்க்காமல் இருப்பதில்லை. ஆனால் இந்த வெண்டர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்பவர். மே மாதம் போட்ட 47-ம் எண் பில் ஜூலை முதல் வாரத்தில் அங்கே தெரியவில்லை.

இந்த நிலையில் “பாக்கி இல்லை” என்று எழுதினால் நம் புத்தகத்தின்படி அது சரி, உண்மையில் தவறு. வெண்டர் 52-ஐக் கேட்பார், நாம் “52 கொடுத்தாயிற்று” என்போம், 47-ஐப் பற்றி யாருமே பேசமாட்டார்கள். அப்புறம் மேலாளர்கள் வரை புகார் போகும். அதனால் மறுக்கவும் வேண்டாம், வாக்கும் கொடுக்க வேண்டாம். தெரிந்ததைச் சொல்லி, தெரியவேண்டியதைக் கேட்டால் போதும். நான் எழுதுவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“வணக்கம் ஐயா. நிலுவைத் தொகை பற்றிய உங்கள் மின்னஞ்சல் கிடைத்தது. எந்த பில் என்று அதில் குறிப்பிடாததால் என்னால் நிலையை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. உங்களுக்குக் கடைசியாக ஜூன் 28 அன்று 1,04,400 ரூபாய் அனுப்பியுள்ளோம். இது 41, 52 ஆகிய பில்களுக்கானது. டிடிஎஸ் 1,800 ரூபாய் பிடித்துள்ளோம். யுடிஆர் எண்ணைக் கீழே கொடுத்துள்ளேன். இதற்கு மேல் வரவேண்டிய பில் இருந்தால் அதன் எண், தேதி, ஜிஎஸ்டி சேர்த்த மொத்தத் தொகை, எங்கள் பிஓ எண் ஆகியவற்றோடு பில் நகலையும் அனுப்புங்கள். பில்லை எங்கள் அலுவலகத்தில் யாரிடம், எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். விவரம் கிடைத்த இரண்டு வேலை நாட்களுக்குள் நிலையைத் தெரிவிக்கிறேன்.”

பில்லை யாரிடம் கொடுத்தீர்கள் என்ற கேள்வியைப் பலரும் விட்டுவிடுவார்கள். இந்த விவகாரத்தில் அந்த ஒரு பதில்தான் 47-ம் எண் பில்லை மேஜையிலிருந்து வெளியே கொண்டுவந்தது. கடைசிப் பேமென்ட்டின் பிரிவினையைச் சொன்னதால் கணக்கரும் தன் வரவைத் திருத்திக்கொண்டார். 74,960 என்பது 73,160 ஆயிற்று. வித்தியாசம் 1,800, அதே டிடிஎஸ். 47-க்கும் 1,240 பிடித்து 71,920 அனுப்பியதும் இரு பக்கமும் ஒத்துப்போனது. கடைசி வரியில் நிலையைத் தெரிவிக்கிறேன் என்றுதான் இருக்கிறது, பணம் அனுப்புகிறேன் என்று இல்லை. துறைத்தலைவர் கையெழுத்திடாத பில்லுக்கு நான் தேதி சொல்லக்கூடாது.

விவரம் கேட்டு எழுதிவிட்டோம், இனி பொறுப்பு அவருடையது என்று இருந்துவிடவும் முடியாது. வெண்டர் உத்யம் பதிவு பெற்ற குறு அல்லது சிறு நிறுவனமாக இருந்தால், எம்எஸ்எம்இ சட்டப்படி எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்குள் பணம் கொடுக்க வேண்டும், ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். பிஓவில் 60 நாள் என்று அச்சடித்திருந்தாலும் செல்லாது. இந்த நாள் கணக்கு பில் அக்கவுண்ட்ஸுக்கு வந்த தேதியிலிருந்து தொடங்குவதில்லை, வேலையை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து தொடங்குகிறது. வேலை முடிந்த 15 நாட்களுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால், முடிந்த நாளே ஏற்ற நாள். மே 20 அன்று முடிந்த வேலைக்கு, 45 நாள் கணக்குப்படி ஜூலை 4-ம் தேதியோடு கெடு முடிகிறது. அதன் பிறகு ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டி. எனவே விவரம் கேட்கும் மின்னஞ்சல் அன்றே போகவேண்டும். அதே நேரத்தில் வெண்டரோடு தொடர்புள்ள துறைக்கும் “இவருடைய பில் ஏதாவது உங்களிடம் இருக்கிறதா?” என்று ஒரு வரி அனுப்பிவிட வேண்டும்.

மேலே உள்ள பதிலை எல்லோருக்கும் அப்படியே அனுப்பக்கூடாது. நம் வெண்டர் மாஸ்டரில் இருக்கும் முகவரியிலிருந்து கேள்வி வந்திருந்தால் மட்டுமே கடைசிப் பேமென்ட் விவரத்தைச் சொல்லலாம். மோசடிக்காரர்களின் முதல் மின்னஞ்சலும் பெரும்பாலும் இதே மாதிரிதான் இருக்கும்: பில் எண் இல்லை, தொகை இல்லை, “எங்கள் நிலுவை எவ்வளவு?” என்று ஒரு கேள்வி. நாமே பில் எண்களையும் தொகையையும் பட்டியலிட்டுக் கொடுத்துவிட்டால், அடுத்த மின்னஞ்சலில் அதே எண்களோடு “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது” என்று வரும். அப்போது அது அசல் போலவே இருக்கும். முகவரியில் ஓர் எழுத்து மாறியிருந்தாலோ, கணக்கு மாற்றம் பற்றிய பேச்சு வந்தாலோ, மின்னஞ்சலில் உள்ள எண்ணை விட்டுவிட்டு மாஸ்டரில் உள்ள பழைய எண்ணுக்குப் போன் செய்து கேளுங்கள். பணம் ஏற்கெனவே போய்விட்டது என்றால் வங்கிக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் உடனே சொல்லுங்கள். அந்தப் பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் முடக்கினால்தான் திரும்பக் கிடைக்க வாய்ப்பு இருக்கிறது.