அதே தவணை, அதே இயந்திரம்: வீதத்தைப் பிழையாக வைத்தால் முடிவு தலைகீழாகும்

பரந்தன் பக்கம் அரிசி மில் வைத்திருக்கும் ஐயா ஒருவர், காலபோக அறுவடை தொடங்க முன்னம் இரண்டு கடதாசிகளோடு என் அலுவலகத்துக்கு வந்தார். ஒன்று லீசிங் கொம்பனியின் விலைக்கூறல், மற்றது வங்கியின் கடன் கடிதம். வாங்கப் போவது கலர் சோட்டர். அரிசி விழுந்துகொண்டு போகும்போதே கமரா கறுப்பு மணியையும் பழுப்பு மணியையும் பிடித்து, காற்றை அடித்து வெளியே தள்ளிவிடும் இயந்திரம். அது இல்லாத மில்லின் அரிசிக்குக் கடைக்காரர் நல்ல விலை தருவதில்லை. ஆகவே இயந்திரம் வேணுமா வேண்டாமா என்ற கேள்வியே அவருக்கு இல்லை. எந்த வழியால் எடுப்பது என்பதுதான் கேள்வி.

"தம்பி, மகன் கணக்குப் பாத்திட்டான். லீசிங்தான் நல்லது எண்டு வருது. நீர் ஒருக்காப் பாத்துச் சொல்லும்" என்றார்.

மகன் என் சனிக்கிழமை வகுப்பில் நிதி முகாமைத்துவம் படிக்கும் பிள்ளை. அவர் எழுதிய தாளைப் பார்த்தேன். நிரல்கள் சரி, வரி சரி, கூட்டல் கழித்தலிலும் பிழையில்லை. முடிவு மட்டும் பிழை. பரீட்சைத் தாள்களிலும் இதே பிழையைத்தான் திரும்பத் திரும்பக் காண்கிறேன். வகுப்பில் அது சில புள்ளிகளோடு போய்விடும். அந்த மில்லில் அதன் விலை ஏறத்தாழ 3 இலட்சம் ரூபாய். அதனால்தான் இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் தெரியாதபடி தொகைகளைச் சற்று மாற்றி, எண்களை முழுமையாக்கியிருக்கிறேன்.

இயந்திரத்தின் விலை 60 இலட்சம். வங்கிக் கடன் என்றால் வட்டி 14 சதவீதம். லீசிங் என்றால் ஒவ்வொரு வருட முடிவிலும் 17 இலட்சமாக ஐந்து வருடம் கட்டி, கடைசியில் இயந்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மில் ஒரு கம்பனியாகப் பதிவானது. இலாபத்துக்கு 30 சதவீத வரி கட்டுகிறது. கட்டும் குத்தகை முழுவதையும் செலவாகக் கழிக்கலாம் என்று மகன் எடுத்துக்கொண்டார். வகுப்புக் கணக்குகளிலும் அப்படித்தான் கொடுத்திருக்கும்.

முதலில் குத்தகைப் பக்கம். 17 இலட்சம் கட்டினால் வரியில் 5 இலட்சத்து 10 ஆயிரம் குறையும். ஆகவே கையை விட்டு உண்மையாகப் போவது வருடத்துக்கு 11 இலட்சத்து 90 ஆயிரம்.

அடுத்தது வாங்கும் பக்கம். இன்றைக்கு 60 இலட்சம் போகிறது. உற்பத்தி இயந்திரத்தின் விலையை ஐந்து வருடத்தில் சம பங்குகளாகக் கழிக்க வரிச்சட்டம் இடம் தருகிறது. கெப்பிட்டல் அலவன்ஸ் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். வருடத்துக்கு 12 இலட்சம் கழிப்பதால் வரியில் மிஞ்சுவது 3 இலட்சத்து 60 ஆயிரம். ஐந்தாம் வருட முடிவில் இயந்திரத்தை 10 இலட்சத்துக்கு விற்கலாம் என்று ஐயா மதித்தார். விலை முழுவதையும் ஏற்கெனவே கழித்து முடித்திருப்பதால் அந்த 10 இலட்சமும் வரிக்கு உட்படும். கையில் நிற்பது 7 இலட்சம்.

இதுவரை மகனின் தாளும் என் தாளும் ஒன்றுதான். பிறகு கைமாறும் ரூபாய் இன்றைய ரூபாயை விடப் பெறுமதி குறைந்தது. இந்தக் காசுகளை இன்றைய பெறுமதிக்குக் கொண்டுவர எந்த வீதத்தால் கழிப்பது என்ற இடத்தில்தான் பிரிகிறோம். வங்கிக் கடிதத்தில் 14 என்று இருந்ததால் மகன் 14ஐ வைத்தார். அப்படிப் பார்த்தால் குத்தகையின் இன்றைய செலவு 40 இலட்சத்து 85 ஆயிரம், வாங்குவதன் செலவு 44 இலட்சம். குத்தகை 3 இலட்சத்து 15 ஆயிரத்தால் மலிவு.

ஆனால் இந்தக் கம்பனிக்குக் கடனின் விலை 14 அல்ல. வட்டியாக 14 ரூபாய் கட்டினால் 4 ரூபாய் 20 சதம் வரியில் குறைந்துவிடும். மிச்சம் 9.8. இன்றைய பெறுமதி அட்டவணையில் பார்ப்பதற்கு வசதியாக 10 என்று வைத்துக்கொள்வோம். இப்போது குத்தகை 45 இலட்சத்து 11 ஆயிரம், வாங்குவது 42 இலட்சத்து 1 ஆயிரம். வாங்குவது 3 இலட்சத்து 10 ஆயிரத்தால் மலிவு. ஒரு தொகையையும் தொடவில்லை, வீதத்தை மட்டும் மாற்றினோம். முடிவு மறுபக்கம் சாய்ந்துவிட்டது.

காரணம் எளிது. வீதம் கூடக்கூட, பிறகு கட்டப் போகும் காசு சிறுத்துத் தெரியும். குத்தகையில் காசு முழுவதும் பிறகுதான் போகிறது. வாங்கும்போது பெருந்தொகை இன்றைக்கே போகிறது, அது சிறுப்பதில்லை. ஆகவே கூடிய வீதத்தை வைக்கும் எவருக்கும் குத்தகை அழகாகத் தெரியும். மில் வருடத்துக்கு 20 சதவீதம் இலாபம் தருகிறது என்று சொல்லி 20ஐ வைத்துக் கழிப்பவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கணக்கில் குத்தகை இன்னும் கூடுதலாக வெல்லும். குத்தகைத் தவணை மில்லின் இலாபத்தைப் போல ஏறி இறங்குவதல்ல. வெள்ளம் வந்தாலும் நெல் வராவிட்டாலும் அது கடன் தவணையைப் போலக் கட்டியே ஆக வேண்டிய காசு. கடனுக்குச் சமமான ஒன்றைக் கடனின் விலையால்தான் அளக்க வேண்டும். நிரல்களில் உள்ளது வரிக்குப் பிந்திய காசு என்பதால் கடனின் விலையும் வரிக்குப் பிந்தியதாக இருக்க வேண்டும்.

மகனுக்கு இது உடனே பிடிபடவில்லை. "வங்கி 14 தானே சேர் எடுக்குது?" என்று கேட்டார். அவருக்கு வேறு வழியாகக் காட்டினேன்.

குத்தகைக்குப் போனால் இன்றைக்கு 60 இலட்சம் மிச்சம். அதற்குப் பதிலாக வருடாவருடம் என்ன இழக்கிறோம்? 11 இலட்சத்து 90 ஆயிரம் கட்டுகிறோம். வாங்கியிருந்தால் வந்திருக்கும் 3 இலட்சத்து 60 ஆயிரம் வரிச்சலுகையும் இல்லை. இரண்டும் சேர்த்து 15 இலட்சத்து 50 ஆயிரம். கடைசி வருடத்தில் விற்றுக் கிடைக்கும் 7 இலட்சமும் போகிறது. இதே காசை இதே நாட்களில் வங்கிக்குக் கட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். வட்டிக்கு வரிச்சலுகையும் கிடைக்கும் இந்தக் கம்பனி, அந்தக் கட்டுக்காசால் எவ்வளவு கடனை அடைக்கலாம்? 63 இலட்சத்து 10 ஆயிரம். லீசிங் தருவதோ 60 இலட்சத்து இயந்திரம். வித்தியாசம் அதே 3 இலட்சத்து 10 ஆயிரம். அட்டவணையே தெரியாத ஐயாவுக்கும் இது விளங்கியது. "அப்ப இதே காசைக் கட்டினா வங்கி மூண்டு லட்சம் கூடத் தந்திருக்கும் எண்டுறீர்" என்றார். அதேதான்.

இந்த இடத்தில் மாணவர்கள் செய்யும் இன்னொரு பிழையையும் சொல்லிவிடுகிறேன். வாங்கும் பக்கத்தில் கடன் வட்டியையும் அதன் வரிச்சலுகையையும் ஒரு நிரலாக எழுதி, அதன் மேல் 9.8ஆலும் கழிப்பார்கள். வட்டி ஏற்கெனவே வீதத்துக்குள் இருக்கிறது. இப்படிச் செய்தால் அதை இரண்டு தரம் எண்ணியதாகும். வட்டியையும் கடன் தவணையையும் வருடாவருடம் எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், வாங்கும் நாளில் 60 இலட்சத்தைச் செலவாக எழுதக்கூடாது. அது வங்கி தந்த காசு. இரண்டு முறைகளும் ஒரே விடையைத்தான் தரும், கலந்தால்தான் கெடும்.

ஐயா மதித்த 10 இலட்சம் விற்பனை விலையை நம்பலாமா? அது நிச்சயமில்லாத காசுதான். அதனால் அதைக் குறைத்துக் குறைத்துப் பார்த்தேன். 2 இலட்சத்து 86 ஆயிரம் வரை இறங்கினாலும் வாங்குவது மோசமில்லை. அதற்கும் கீழே போனால்தான் குத்தகை முந்தும். நல்ல நிலையில் உள்ள சோட்டர் அவ்வளவு மலிவாகப் போகாது என்று ஐயா அடித்துச் சொன்னார். அது அவருடைய தொழில், அவர் சொல்வதை ஏற்றுக்கொண்டேன்.

இனி வகுப்புக் கணக்கில் இல்லாத ஒன்று. வன்னியில் நாங்கள் லீசிங் என்று சொல்வதில் பெரும்பகுதி, தவணை முடிந்ததும் பொருள் எங்களுக்கே சொந்தமாகும் வகை. உழவு இயந்திரத்தை அப்படித்தான் எடுக்கிறோம். 2017இன் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் இத்தகைய நிதிக் குத்தகையை, பொருளை வாங்கிக் கடன்பட்டதாகவே பார்க்கிறது. தவணை முழுவதையும் செலவாகக் கழிக்க முடியாது. அதிலுள்ள வட்டிப் பங்கை மட்டுமே கழிக்கலாம், கெப்பிட்டல் அலவன்ஸும் எடுப்பவருக்கே கிடைக்கும். திருப்பிக் கொடுக்கும் ஒப்பந்தமென்றாலும், பொருள் பயன்படும் காலத்தின் பெரும்பகுதியைக் குத்தகைக் காலமே மூடிவிட்டால் இதே வகைக்குள் விழலாம். ஆகவே நிரல் எழுத முன்னம் ஒப்பந்தத்தை வாசிக்க வேண்டும்.

தவணை முடிந்ததும் பொருள் எங்களுக்கே வரும் நிதிக் குத்தகை என்றால் கணக்குச் சுருங்கிவிடும். கெப்பிட்டல் அலவன்ஸ் இரண்டு பக்கமும் ஒன்று, விற்கும் விலையும் ஒன்று. இரண்டையும் வெட்டிவிடலாம். மிஞ்சுவது, இரண்டு கடனில் எதற்கு வட்டி குறைவு என்ற கேள்வி மட்டுமே. 60 இலட்சத்துக்கு வருட முடிவில் 17 இலட்சமாக ஐந்து தரம் என்றால் உள்ளே ஒளிந்திருக்கும் வட்டி ஏறத்தாழ 12.9 சதவீதம். வங்கியின் 14ஐ விடக் குறைவு. அதாவது, அதே 17 இலட்சத் தவணைக்கு இயந்திரம் கடைசியில் ஐயாவுக்கே வருமென்றால் லீசிங்தான் நல்லது! மகனின் முடிவு அப்போது சரியாகிவிடும், காரணம் மட்டும் வேறு.

ஒளிந்திருக்கும் வட்டியைக் கணினியில், எக்செல் தாளில் ஒரே வரியில் பார்க்கலாம்:

```
=RATE(5,-1700000,6000000)
```

மாதத் தவணை என்றால் 5க்குப் பதில் 60, மாதத் தொகை, வருவது மாத வீதம். தவணையை மாத ஆரம்பத்தில் கட்டுவதா முடிவில் கட்டுவதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் என்றால் வட்டி நீங்கள் நினைப்பதை விடக் கூட.

மில் நட்டத்தில் ஓடும் வருடங்களில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். வரி கட்டாத கம்பனிக்கு வரிச்சலுகைகள் எல்லாம் அந்த வருடத்துக்கு வெறும் எழுத்து. அவற்றை எடுத்துவிட வேண்டும், அதோடு வீதமும் 9.8இலிருந்து 14க்குத் திரும்பும். சலுகையை மட்டும் வெட்டி வீதத்தை விட்டுவிடுபவர்களை அதிகம் கண்டிருக்கிறேன். இந்த இயந்திரத்துக்கு வரியே இல்லாமல் பார்த்தபோது குத்தகை 58 இலட்சத்து 36 ஆயிரம், வாங்குவது 54 இலட்சத்து 81 ஆயிரம். திருப்பிக் கொடுக்கும் ஒப்பந்தம் இங்கும் தோற்கிறது.

விலைக்கூறலில் இயந்திரம் யாருக்கு என்று ஒரு சொல்லும் இல்லை. எழுத்தில் கேட்டு வாங்கும்படி ஐயாவை அனுப்பினேன். நாலாம் நாள் பதில் வந்தது: தவணை முடிந்ததும் இயந்திரம் லீசிங் கொம்பனிக்கே சொந்தம், வேண்டுமென்றால் அன்றைய சந்தை விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். ஐயா அன்று பின்னேரமே வங்கிக் கடிதத்தில் கையெழுத்து வைத்தார்.