மழைத்துளி ஏன் ஒரு வேகத்துக்கு மேல் போவதில்லை?

ஜூன் மாதம் தென்மேற்குப் பருவக்காற்று வந்துவிட்டால் கேரளத்தின் ஆரியங்காவு, தென்மலைப் பக்கம் மழை கொட்டித் தீர்க்கும். செங்கோட்டைக் கணவாய்க்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டின் புளியரை, செங்கோட்டை, குற்றாலம் வட்டாரத்தில், அதே காற்று சாரலாக வந்து முகத்தில் அடிக்கும். அங்கே விழுவதும் தண்ணீர்தான், இங்கே மிதந்து வருவதும் தண்ணீர்தான். இரண்டும் நடந்துகொள்ளும் விதம் ஏன் இவ்வளவு மாறுகிறது என்று புரிய, ஒரே ஒரு துளி விழுவதைப் பின்தொடர்ந்து பார்த்தால் போதும்.

முதலில் காற்றே இல்லை என்று வைத்துக்கொள்வோம். 2 கிலோமீட்டர் உயரத்தில் இருந்து விழும் துளி தரையைத் தொடும்போது நொடிக்கு ஏறத்தாழ 200 மீட்டர் வேகத்தில் இருக்கும். அதாவது மணிக்கு 700 கிலோமீட்டருக்கும் மேல். அந்த மழையில் வாழை இலை மிஞ்சாது, ஓட்டு வீடு மிஞ்சாது. ஆனால் 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு துளி நிஜத்தில் நொடிக்கு 6.5 மீட்டர் வேகத்தில்தான் தரைக்கு வருகிறது. மணிக்குச் சுமார் 23 கிலோமீட்டர், நிதானமாகப் போகும் மொபெட்டின் வேகம்.

இந்த 2 மில்லிமீட்டர் துளியின் நிறை ஏறத்தாழ 4.2 மில்லிகிராம். பூமி அதைக் கீழே இழுக்கும் விசை, அதாவது அதன் எடை, சுமார் 41 மைக்ரோ நியூட்டன். துளி விழத் தொடங்கும் கணத்தில் காற்றுத் தடை கிடையாது. காற்றைத் தள்ளிக்கொண்டு நகர்ந்தால்தானே தடை வரும்? அதனால் அந்தக் கணத்தில் எடை முழுவதும் வேகத்தைக் கூட்டப் பயன்படுகிறது. வேகம் கூடக் கூட, துளி ஒவ்வொரு நொடியும் விலக்க வேண்டிய காற்று அதிகமாகிறது. அதை விலக்க வேண்டிய வேகமும் அதிகமாகிறது. இந்த இரண்டும் சேர்வதால்தான் வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்காகிறது.

நமது துளி நொடிக்கு 3.25 மீட்டர் வேகத்தை எட்டும்போது தடை சுமார் 10 மைக்ரோ நியூட்டன். எடையில் மீதி 31 இன்னும் கீழே இழுக்கிறது, வேகம் கூடிக்கொண்டே போகிறது. 6.5 மீட்டரை நெருங்கும்போது தடையும் 41-ஐ நெருங்கிவிடுகிறது. கீழே 41, மேலே 41. மிச்சம் எதுவும் இல்லை. இந்த வேகத்தைத்தான் பள்ளிப் பாடத்தில் முற்றுத் திசைவேகம் என்று படித்தோம்.

விசைகள் சமமாகிவிட்டால் துளி அந்தரத்தில் நின்றுவிட வேண்டாமா என்று பலருக்கும் ஒரு சந்தேகம் வரும். நியாயமான சந்தேகம்தான், அதைத் தாண்டாமல் இந்த விஷயம் விளங்காது. விசையின் வேலை வேகத்தை மாற்றுவது. இருக்கிற வேகத்தைத் தக்கவைக்க விசை தேவையில்லை என்பதுதான் நியூட்டனின் முதல் விதி. மிச்ச விசை இல்லை என்றால் வேகத்தில் மாற்றம் இல்லை, அவ்வளவுதான். 6.5 மீட்டரில் வந்துகொண்டிருந்த துளி 6.5 மீட்டரிலேயே தொடர்கிறது. ஒரு வாதத்துக்கு, துளி நடுவில் நின்றுவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நின்ற மறுகணம் தடை காணாமல் போய்விடும், எடை மட்டும் மிஞ்சும், துளி மறுபடி விழத் தொடங்கிவிடும். எதாவது ஒரு காரணத்தால் துளி 8 மீட்டர் வேகத்துக்குப் போனால் தடை எடையை மிஞ்சி வேகத்தைக் குறைக்கும். எப்படிக் கலைத்துவிட்டாலும் அது அதே 6.5-க்குத் திரும்பி வரும்.

இந்தச் சமநிலை மிகச் சீக்கிரம் வந்துவிடுகிறது. 5 மீட்டர் விழுவதற்குள், ஒன்றேகால் நொடிக்குள், துளி தன் இறுதி வேகத்தில் 95 விழுக்காட்டை எட்டிவிடும். அதனால் மேகம் 500 மீட்டரில் இருந்தாலும் 2 கிலோமீட்டரில் இருந்தாலும் நம் தலையில் விழும் அடி ஒன்றுதான். உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு என்பதால் அங்கே துளி கொஞ்சம் வேகமாக விழும். கீழே இறங்க இறங்க அந்தக் கூடுதலும் கரைந்துவிடும்.

அப்படியென்றால் துளி பெரிதாகிக்கொண்டே போனால் வேகமும் ஏறிக்கொண்டே போகுமா? ஓரளவுக்குத்தான். விட்டம் இரட்டித்தால் எடை எட்டு மடங்கு, காற்றை எதிர்கொள்ளும் பரப்பு நான்கு மடங்கு. எடை முந்துவதால் பெரிய துளி வேகமாகத்தான் விழும். ஆனால் துளி கல் இல்லையே. காற்றழுத்தம் அதன் அடிப்பக்கத்தைத் தட்டையாக்கிவிடுகிறது. படங்களில் வரைவதுபோல மேலே கூர்மையாக ஒரு மழைத்துளியும் விழுவதில்லை. பெரிய துளி, அடி தட்டையான பன் ரொட்டி வடிவத்தில் விழுகிறது. தட்டையாக ஆக, தடுக்கும் பரப்பும் கூடிவிடுகிறது. 1949-இல் கன், கின்சர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் அளந்த கணக்கில் 4 மில்லிமீட்டர் துளிக்கு நொடிக்கு 8.8 மீட்டர், 5 மில்லிமீட்டருக்கு 9.1. ஒரு மில்லிமீட்டர் கூடியும் வேகம் ஏறக்குறைய அங்கேயே நிற்கிறது. அதற்கும் மேல் பெருத்தால் துளி காற்றில் உடைந்து சிதறிவிடும். எவ்வளவு பெரிய மழையானாலும் அதன் வேகத்துக்கு வரம்பு இதுதான்.

சின்னத் துளிகளின் கதை வேறு. சாரலில் 0.4 மில்லிமீட்டர் துளி ஒன்றை எடுத்துக்கொள்வோம். விட்டம் நமது பழைய துளியில் ஐந்தில் ஒரு பங்கு. எடையோ 125-இல் ஒரு பங்குதான். அதன் இறுதி வேகம் நொடிக்கு 1.6 மீட்டர். பரப்பையும் எடையையும் மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் 2.9 வர வேண்டும். குறைவதற்குக் காரணம், துளி சிறுக்கச் சிறுக்க, காற்றின் பிசுபிசுப்பு அதைப் பிடித்து இழுப்பது எடையோடு ஒப்பிட்டால் பெரிதாகிவிடுகிறது.

இப்போது கணவாய்க்கு வருவோம். காற்று நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் கேரளப் பக்கமிருந்து வீசுவதாகவும், மேகத்தின் அடி 300 மீட்டர் உயரத்தில் இருப்பதாகவும் வைத்துக்கொண்டால், நமது 2 மில்லிமீட்டர் துளி 46 நொடியில் இறங்கிவிடும். அதற்குள் காற்று அதைத் தள்ளிச் செல்வது அரை கிலோமீட்டருக்கும் குறைவு. சாரல் துளி இறங்க மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும்; அதற்குள் 1.8 கிலோமீட்டருக்கு மேல் கிழக்கே வந்துவிடும். பெரிய துளிகள் மலையின் அந்தப் பக்கமே தங்கிவிட, சிறியவை முகட்டைத் தாண்டி வருவதில் இந்தக் கணக்குக்கு ஒரு பங்கு உண்டு. இன்னும் சிறியவை சமவெளியின் வறண்ட காற்றில் தரையைத் தொடாமலே ஆவியாகிவிடும்.

துளியின் வேகத்தை நீங்களே மதிப்பிட்டுப் பார்க்கலாம். செங்கோட்டை–புனலூர் பாதையில் ரயில் மலையேறும்போது, காற்று அதிகம் இல்லாத மழையில், பக்கவாட்டு ஜன்னல் வழியே விழும் மழைக் கோடுகளைக் கவனியுங்கள். ரயில் மணிக்கு 30 கிலோமீட்டரில் போனால் அது நொடிக்கு 8.3 மீட்டர். கோடுகள் சரியாக 45 பாகையில் சாய்ந்து தெரிந்தால் துளியின் வேகமும் அதுவே. படுக்கையாகத் தெரிந்தால் துளி சிறியது, மெதுவானது; செங்குத்தை நெருங்கினால் ரயில்தான் மெதுவாகப் போகிறது, ஏனென்றால் துளி 9 மீட்டருக்கு மேல் அதிகம் போவதில்லை. கண்ணாடியில் வழியும் நீர்க்கோட்டை வைத்துக் கணக்குப் போட வேண்டாம், அதன் சாய்வு வேறு. பெட்டியை ஒட்டிய காற்றும் ரயிலோடு ஓடும் என்பதால், சில மீட்டர் தள்ளி, மரங்களின் கரும்பச்சைக்கு முன்னால் தெரியும் கோடுகளைப் பாருங்கள்.