நாய் தொலைந்தால் எல்லா அடையாளத்தையும் எழுதிவிடாதீர்கள்

போன வாரம் பென்னாகரம் ரோட்டுப் பக்கமிருந்து ஓர் அம்மா கிளினிக்குக்கு வந்தார், நாய் இல்லாமல், கையில் போனை மட்டும் வைத்துக்கொண்டு. இந்த வருடம் நான் பார்க்கும் நாலாவது கேஸ் இது. பட்டாசுச் சத்தத்துக்குப் பயந்து கேட்டைத் தாண்டி ஓடிய செவலை நாய். நாயைக் காணோம் என்று ஆன்லைனில் போட்ட பதிவில் அதன் பெயர், சிவப்பு பெல்ட், இடது காது நுனியில் வெட்டு, நாக்கில் கறுப்புப் புள்ளி, வீட்டு முகவரி, இரண்டு போன் நம்பர், எல்லாம் எழுதியிருந்தார்.

மறுநாளே போன் வந்திருக்கிறது. "அக்கா, உங்க நாய் தொப்பூர்கிட்ட அடிபட்டுக் கிடந்துச்சு, காலு உடைஞ்சிருக்கு, வைத்தியத்துக்கு 4,500 அனுப்புங்க." அனுப்பிவிட்டார். அதோடு அந்த நம்பர் ஸ்விட்ச் ஆஃப். "காது வெட்டைச் சொன்னான், நாக்குப் புள்ளியைச் சொன்னான், எப்படி டாக்டர் நம்பாம இருக்கறது?" என்று அழுதார். அம்மா, அத்தனையும் நீங்கள் எழுதியதுதானே!

நிறைய எழுதினால் சீக்கிரம் கிடைக்கும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். தெருவில் நாயைப் பார்ப்பவர் வாயைத் திறந்து நாக்கையா பார்ப்பார்? அவருக்கு வேண்டியது நிறம், உயரம், பெல்ட், எந்தத் தெருவில் எத்தனை மணிக்குக் காணாமல் போனது, ஆள் பக்கத்தில் போனால் கடிக்குமா என்பது மட்டுமே. முகத்தை மட்டும் காட்டும் செல்ஃபி வேண்டாம், பக்கவாட்டில் நிற்கும் முழுப் படம் போடுங்கள். நாக்குப் புள்ளி, தொடையின் உள்பக்கத் தழும்பு மாதிரியான ஒன்றை வெளியே சொல்லாமல் வையுங்கள். அதுதான் உங்கள் பூட்டு.

போன் வந்தால், "நாக்கில் புள்ளி இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள், ஆமாம் என்றுதான் சொல்வான். "வாயைத் திறந்து பாருங்க, நாக்கு எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். அப்புறம் வீடியோ கால். நீங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உங்கள் நாயின் காது நிமிரும். கேமரா கெட்டுப்போச்சு, முதலில் பணம் என்றால் போனை வைத்துவிடுங்கள். நாயைக் கண்ணால் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட வேண்டாம். "நீங்கதான் ஓனரான்னு பார்க்க ஒரு ஓடிபி அனுப்பியிருக்கேன், சொல்லுங்க" என்று ஆறு இலக்க எண் கேட்டால், அது உங்கள் வாட்ஸ்அப்பைப் பறிக்கிற வழி, யாரிடமும் சொல்லாதீர்கள்.

வீட்டு முகவரி வேண்டாம், தெருப் பெயர் போதும். வங்கிக் கணக்கோடு சேர்ந்த நம்பரை விட்டுவிட்டு வேறு சிம் ஒன்றின் நம்பர் கொடுங்கள், அதையும் படத்தின் மேல் எழுதாதீர்கள். பதிவை அழித்த பிறகும் அந்தப் படம் குரூப் குரூப்பாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். தனி சிம் இல்லையா, உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள், நான் என் கிளினிக் நம்பரையே கொடுக்கச் சொல்கிறேன்.

பணம் போய்விட்டதா, வெட்கப்பட்டு உட்காராமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள். அந்த அம்மா இரண்டு நாள் கழித்துத்தான் செய்தார். செவலை நாய் அதுவரை வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி ஒரு டீக்கடைப் பெஞ்சுக்கு அடியில்தான் படுத்திருந்தது, கால் நன்றாகவே இருந்தது.