கொசுவத்தி சுற்றாமல் ஃப்ளாஷ்பேக் போவது

போன மாதம் ஒரு தம்பி 14 நிமிடக் குறும்படம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவரே ஒரு முறை எடிட் செய்து முடித்திருந்தார். "ஆறு பேருக்குப் போட்டுக் காட்டினேண்ணா, நாலு பேர் அப்பா உயிரோட இருக்கார்னு நினைச்சுட்டாங்க" என்றார். அப்பா இறந்த பிறகு நடக்கிற கதை அது.

பூட்டிக்கிடக்கும் அப்பாவின் தையல் கடையைக் காலி செய்துகொடுக்க மகன் வருகிறான். வயது 35. அங்கே மூன்று ஃப்ளாஷ்பேக்: பத்து வயதில் அப்பா மடியில் உட்கார்ந்து மெஷின் ஓட்டியது, 22 வயதில் அப்பாவோடு போட்ட சண்டை, அப்புறம் போன வாரம் வந்த போன்கால். படம் விறுவிறுப்பாகத் தொடங்க வேண்டும் என்று சண்டையை முதலில் வைத்திருந்தார்.

குழப்பம் அங்கேதான். 22 வயதையும் 35 வயதையும் ஒரே நடிகர், ஒரே தாடியோடு, ஒரே கடையில் நடித்திருக்கிறார். கடந்தகாலம் என்று காட்ட மஞ்சள் டின்ட் போட்டிருந்தார்கள். ஆனால் நிகழ்காலக் காட்சிகளையே சாயங்கால வெயிலில் எடுத்திருந்ததால் அதுவும் மஞ்சள்தான். பெரிய மானிட்டரில் கொஞ்சம் வித்தியாசம் தெரிந்தது. பஸ்ஸில் பிரைட்னஸைக் குறைத்து வைத்து போனில் பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

"13 ஆண்டுகளுக்கு முன்" என்று எழுத்தும் போட்டிருந்தார். எனக்கு அது பிடிப்பதில்லை. முதல் ஃப்ளாஷ்பேக்கில் சரி. இரண்டாவதில் மறுபடி "ஆண்டுகளுக்கு முன்" என்று வந்தால், இன்றிலிருந்து முன்னா, சற்றுமுன் பார்த்த காட்சியிலிருந்து முன்னா? பார்க்கிறவர் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார், வசனம் காதில் விழாது.

முதல் வேலையாக வரிசையை மாற்றினோம். பத்து வயதுப் பையன் வரும் காட்சி முன்னால் வந்தது. சின்னப் பையனைப் பார்த்ததும் இது பழைய கதை என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. இந்தப் படம் கடந்தகாலத்துக்கு எப்படிப் போகும் என்பதைப் பார்வையாளர் அந்த முதல் ஃப்ளாஷ்பேக்கில்தான் பழகிக்கொள்கிறார். அதனால் சந்தேகமே வராத காட்சி எதுவோ அதைத்தான் அங்கே வைக்க வேண்டும்.

அடையாளமாக எதைப் பிடிப்பது? இன்றைய கடையில் மெஷின் தூசி படிந்து நிற்கிறது, சத்தமே இல்லை. சரி, மெஷின் சத்தம் கேட்டால் அது பழைய காலம் என்று முடிவு செய்தோம். மகன் மெஷின் சக்கரத்தில் கை வைக்கிறான். அவன் முகம் திரையில் இருக்கும்போதே, வெட்டுக்கு இரண்டு விநாடி முன்னால், பெடல் மிதிக்கிற தடதட சத்தம் தொடங்குகிறது. அப்புறம்தான் படம் மாறுகிறது. இரண்டாவது முறை, சண்டைக் காட்சிக்கு முன்னால் அதே சத்தம் வந்ததும், தாடி மாறாவிட்டாலும் காலம் மாறியது புரிந்துவிடுகிறது. பழைய படங்களில் கொசுவத்திச் சுருள் செய்த வேலையை இங்கே ஒரு சத்தம் செய்கிறது.

போகிற வழியைப் பற்றி யோசிப்பவர்கள் திரும்பி வருகிற வழியை விட்டுவிடுகிறார்கள். தம்பியின் எடிட்டில் ஃப்ளாஷ்பேக் முடிந்ததும் மகன் கடைக்கு வெளியே நிற்கிறான். எப்போது வெளியே வந்தான், இது எந்த நாள்? கிளம்பிய இடத்துக்கே திரும்பினால் இந்தக் கேள்வி வராது. சக்கரத்தில் கை இருக்கும் ஷாட், நல்லவேளையாக, 9 விநாடி ஓடியது. முதல் 4 விநாடியை முன்னாலும் மிச்சத்தைப் பின்னாலும் வைத்தோம். சத்தம் வெட்டில் சட்டென்று நிற்கிறது, அதே கை, அதே சக்கரம். ஷூட்டிங்கிலேயே இப்படிப்பட்ட ஷாட்டை நீளமாக ஓட விடுங்கள். கேமரா சீக்கிரம் கட் ஆகியிருந்தால் எடிட்டிங்கில் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

போன்கால் காட்சியைத் தூக்கிவிட்டோம். 25 வருடப் பழசும் ஒரு வாரப் பழசும் ஒரே சின்னப் படத்தில் இருந்தால் இரண்டுக்கும் வேறுவேறு அடையாளம் தேட வேண்டும். மகன் கட்டட ஓனரிடம் பேசும் இடத்தில் "போன வாரம் நீங்க போன் பண்ணப்பவே சொன்னேனே" என்று ஒரு வரியை டப்பிங்கில் சேர்த்ததோடு விஷயம் முடிந்தது.

மறுபடி காட்டும்போது பழைய ஆறு பேரைக் கூப்பிடவில்லை, அவர்களுக்குக் கதை தெரிந்துவிட்டது. புதிதாக மூன்று பேர். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள் என்பதால், நடந்ததை நடந்த வரிசையில் சொல்லச் சொன்னோம். இரண்டு பேர் சரியாகச் சொன்னார்கள். ஒருவர் மட்டும், "அப்பா ஊரை விட்டுப் போயிட்டாரா?" என்றார்.

காலம் புரிந்திருக்கிறது, சாவு புரியவில்லை. அதை எடிட்டிங்கில் சரிசெய்ய வழியில்லை. மறுநாள் தம்பி அந்தக் கடைக்கே போய், சுவரில் மாலை போட்ட அப்பா படம், கீழே எரிகிற சின்ன சிவப்பு பல்பு என்று ஒரு ஷாட் எடுத்துவந்தார். இரண்டு விநாடி. மகன் ஷட்டரைத் தூக்கியதும் அதை வைத்தோம்.

மஞ்சள் டின்ட்டை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். "அது மட்டும் இருக்கட்டும்ண்ணா" என்றார். இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.