பாம்புப் பூனையின் ரோமம் சொல்லும் உண்மை

2023ஆம் ஆண்டில் ஒரு பூனையின் படம் உலகெங்கும் கைபேசிகளில் பரவியது. கருமையான உடலில் பளிச்சிடும் மஞ்சள் பட்டைகள் கொண்ட அந்த விலங்கு அமேசான் காட்டில் வாழும் மிக அரிய பூனையினம் என்றும், அதன் பெயர் 'செர்பென்ஸ் காட்டஸ்' என்றும் படத்தோடு ஒரு குறிப்பும் வந்தது. உண்மையில் அப்படி ஒரு விலங்கு இல்லை. படம் கணினியில் உருவாக்கப்பட்டது.

பெயரே முதல் துப்பு. 'செர்பென்ஸ்' என்றால் இலத்தீனில் பாம்பு. 'காட்டஸ்' என்பது வீட்டுப் பூனையின் அறிவியல் பெயரில் வரும் இரண்டாம் சொல். அறிவியல் பெயரின் முதல் சொல் விலங்கின் பேரினத்தைக் குறிக்க வேண்டும் என்பதால், இப்பெயரின்படி அது பாம்பைப் போன்ற பூனையாக இல்லாமல், பாம்புப் பேரினத்தைச் சேர்ந்த ஏதோ ஒன்றாகிவிடுகிறது. அந்த மஞ்சள் பட்டைகளோ தென்கிழக்கு ஆசியாவின் அலையாத்திக் காடுகளில் வாழும் ஒரு பாம்பின் பட்டைகளை அப்படியே நினைவூட்டுகின்றன. அப்பாம்பு அமேசானில் கிடையாது. பூனையின் கண்களைப் போன்ற கண்கள் இருப்பதால் அந்தப் பாம்பின் வகையையே நாம் பூனைப் பாம்பு என்று அழைக்கிறோம் என்பது வேடிக்கையான தற்செயல்.

இத்தகைய படங்கள் உருவாகும் விதம் தெரிந்தால் அவற்றின் பிழைகள் எங்கே இருக்கும் என்பதும் விளங்கிவிடும். படம் உருவாக்கும் மென்பொருள் ஒழுங்கற்ற புள்ளிக் குவியலில் தொடங்கி, நாம் கொடுத்த சொற்களுக்கு ஏற்ப அதைப் படிப்படியாகத் தெளிவாக்கிக்கொண்டே போகிறது. கோடிக்கணக்கான படங்களிலிருந்து அது கற்றிருப்பது எந்தத் தோற்றத்தின் அருகே எந்தத் தோற்றம் வரும் என்பதைத்தான். தோலுக்கு அடியில் எலும்பு இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. எனவே உள்ளங்கையளவு பகுதியை மட்டும் பார்த்தால் படம் மிகவும் இயல்பாக இருக்கும். தள்ளித் தள்ளி இருக்கும் இரண்டு பகுதிகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டிய இடத்தில்தான் அது தடுமாறும். சிறிய உறுப்புகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 2022இல் வெளியான ஸ்டேபிள் டிஃப்யூஷன் மென்பொருள் 512 பிக்சல் அகலமுள்ள படத்தை 64 கட்ட அகலத்துக்குச் சுருக்கிவைத்தே வேலை செய்கிறது. ஒரு கால்விரல் இரண்டு மூன்று கட்டங்களுக்குள் அடங்கிவிட்டால், அதன் நகமும் மடிப்பும் பெரும்பாலும் ஊகமாகவே வரையப்படும்.

மீண்டும் பூனைக்கு வருவோம். இந்தப் படத்தை மறுக்க எனக்கு மிகவும் பிடித்த சான்று அதன் ரோமம். பாம்பின் உடலில் ஒவ்வொரு செதிலும் தனித்தனி ஓடு போன்றது. நிறம் ஒரு செதிலின் விளிம்பில் நின்று அடுத்த செதிலில் மாறலாம் என்பதால் பட்டையின் ஓரம் கத்தியால் வெட்டியது போல் இருக்க முடியும். ரோமம் அப்படி இல்லை. ஒவ்வொரு முடியும் தன் மயிர்க்காலிலேயே நிறம் பெற்று வளர்ந்து, பின்னால் இருக்கும் முடிகளின் மேல் சாய்ந்து கிடக்கிறது. ஆகவே கறுப்பும் மஞ்சளும் சந்திக்கும் இடத்தில் ஒரு நிறத்தின் நுனிகள் மற்றதன் மேல் நீண்டு, எல்லை சிறு பற்களைப் போலக் கலைந்திருக்க வேண்டும். புலியின் வரிகளை அருகில் சென்று எடுத்த எந்தப் படத்திலும் இதைக் காணலாம். செதிலுக்குரிய கூர்மையான எல்லை ரோமத்தின் மேல் வந்தால், இரண்டு விலங்குகளின் தோற்றம் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசப்பட்டிருக்கிறது என்று பொருள்.

ரோமம் சாயும் திசையையும் கவனிக்க வேண்டும். பூனையின் முகத்தில் முடி மூக்கிலிருந்து பின்னோக்கிப் படிந்து, கழுத்து வழியாக முதுகில் வாலை நோக்கியும் கால்களில் கீழ்நோக்கியும் செல்லும். போலிப் படங்களில் இந்த ஓட்டம் தோளருகே அறுந்து, காரணமின்றி வேறு பக்கம் திரும்பும்; மீசை முடிகள் மேலுதட்டின் இருபுறத் திரட்சியிலிருந்து கிளம்பாமல் கன்னத்தின் நடுவிலிருந்து முளைக்கும்; சில முடிகள் பின்னணியில் உள்ள புல்லோடு கலந்து காணாமல் போகும்.

கண்களை ஒரு ஜோடியாகவே பார்க்க வேண்டும். வீட்டுப் பூனையின் கண்மணி வெளிச்சத்தில் செங்குத்துக் கீற்றாகச் சுருங்கும். இரு கண்களிலும் ஒரே ஒளி விழும்போது இரண்டும் ஏறத்தாழ ஒரே அகலத்தில் இருக்க வேண்டும். ஒன்று கீற்றாகவும் மற்றது முட்டை வடிவிலும் இருந்தாலோ, ஒளியின் மினுமினுப்பு ஒரு கண்ணில் இடப்புறமும் மற்றதில் வலப்புறமும் தெரிந்தாலோ சந்தேகப்படலாம். இரு கண்களின் நிறம் மட்டும் வேறுபட்டால் அதைக் குற்றமாகக் கொள்ள முடியாது. அத்தகைய பூனைகள் நிஜமாகவே உண்டு.

பாதங்களில் எண்ணிக்கை உதவும். பூனைக்கு முன்காலில் 5 விரல்கள்; அவற்றுள் ஒன்று உட்புறத்தில் மேலே தள்ளி இருப்பதால் தரையைத் தொடாது. பின்காலில் 4 விரல்கள். கூடுதல் விரல்களோடு பிறக்கும் பூனைகளும் இருப்பதால் எண்ணிக்கையை மட்டும் நம்பாமல் மூட்டுகளையும் பார்ப்பது நல்லது. பூனையின் பின்காலில் பின்னோக்கி மடிந்த முழங்கால் போலத் தெரிவது உண்மையில் குதிகால்; முழங்கால் அதற்கு மேலே, வயிற்றை ஒட்டி இருக்கிறது. அந்த இரண்டில் ஒன்று இல்லாமல் கால் குழாய் போல வளைந்திருந்தால், உள்ளே எலும்பு வைக்க இடமில்லை.

மயில் குஞ்சு என்று பரவிய படங்கள் இன்னொரு வகைக் கலப்பு. அங்கே கலந்தவை இரண்டு இனங்கள் அல்ல, இரண்டு வயதுகள். பஞ்சு போன்ற குஞ்சின் உடலில் கண் பொறித்த குட்டித் தோகை விரிந்திருக்கும். தோகை என்பது வாலின் மேல் மூடும் இறகுகள் நீண்டு வளர்வதால் உண்டாவது. ஆண் மயிலுக்கு அது முழுமையடையச் சில ஆண்டுகள் ஆகும். மயில் குஞ்சு மங்கலான பழுப்பு நிறத்தில் இருக்கும். நம் ஊர் வயல்வெளியில் தாய்மயிலின் பின்னால் ஓடும் குஞ்சுகளைக் கண்டவர்கள் இதில் ஏமாறுவது கடினம்.

இந்தச் சோதனைகளுக்கும் எல்லை உண்டு. புதிய மென்பொருள்கள் விரல்களைச் சரியாகவே வரைகின்றன. வாட்ஸ்அப்பில் பலமுறை கைமாறிச் சுருங்கிய படத்தில் ரோமத்தின் ஓரமே தெரியாது. உண்மையான படமும் அப்போது மெழுகு பூசியது போல் வழவழவென்று தோன்றும். உண்மையைப் போலி என்று தள்ளிவிடுவதும் நடக்கிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த, வாத்து போன்ற அலகுடைய பிளாட்டிபஸ் என்ற பாலூட்டியின் உடலை 1799இல் விவரித்த ஆங்கிலேய இயற்கையியலாளர் ஜார்ஜ் ஷா, வாத்தின் அலகை யாரோ ஒட்டிவைத்திருப்பார்களோ என்று ஐயுற்றார். மேற்குத் தொடர்ச்சி மலையின் மலபார் மலையணிலின் படங்கள் 2019இல் பரவியபோதும், அதன் கருஞ்சிவப்பையும் ஊதா கலந்த சாயலையும் கண்டு பலர் நம்ப மறுத்தனர். மேலே சொன்ன சோதனைகளை அந்த அணிலின் மேல் நடத்திப் பாருங்கள். நிறங்களின் எல்லையில் முடிநுனிகள் கலைந்து கிடக்கின்றன. கிளையைப் பற்றும் முன்காலில் 4 விரல்களும் பின்காலில் 5 விரல்களும் உள்ளன, பூனைக்கு நேர்மாறாக. வெவ்வேறு காடுகளில் வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு ஆண்டுகளில் எடுத்த படங்களிலும் அதே உடல்தான் இருக்கிறது. செர்பென்ஸ் காட்டஸுக்கு அப்படி ஒரு படமும் இல்லை, எந்த அருங்காட்சியகத்திலும் ஒரு தோலும் இல்லை.