மாடலில் தெரிந்த 0.6 மில்லிமீற்றர்

பெரும்போக அறுவடை நெருங்கும் நாட்களில் கிளிநொச்சிப் பக்கத்துப் பட்டறைகளில் சூடடிக்கும் மெஷின்கள் வரிசையில் நிற்கும். சென்ற ஆண்டு அவற்றில் எட்டுக்குப் பெல்ட்டை இறுக்கும் தட்டை உருளை ஒன்றை நான் வரைந்து கொடுத்தேன். பொருத்தும் நாளில் பட்டறைத் தம்பி கேட்டான்: "அண்ணை, இது உள்ளே போகவில்லை. தட்டி இறக்கவா?"

தட்டியிருந்தால் அன்றைக்கு வேலை முடிந்திருக்கும். ஆனால் உருளையின் விளிம்பில் விழும் அடி பெயரிங்கின் வெளிவளையத்திலிருந்து குண்டுகள் வழியாகத்தான் உள்வளையத்துக்குப் போகும். குண்டுகள் ஓடும் தடத்தில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் விழும். வயலில் இரண்டாம் நாளே அது உறுமத் தொடங்கும், பழி பெயரிங் விற்ற கடைக்குப் போகும்.

அமைப்பு எளிதானது. வெல்டிங் செய்த பிராக்கெட்டின் இரு சுவர்களுக்கு நடுவே, 20 மில்லிமீற்றர் ஊசியில், வாசர், 6204 பெயரிங், இடைக்குழாய், இன்னொரு 6204, இன்னொரு வாசர் என்று ஐந்து பாகங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. மாடலில் 3, 14, 20, 14, 3, மொத்தம் 54. பிராக்கெட்டின் உள் அகலம் 54.6. கணினியில் அளந்தால் 0.6 இடைவெளி தெரிந்தது. பாகங்கள் மோதுகின்றனவா என்று சோதித்தேன், மோதல் இல்லை என்றது. அதோடு விட்டதுதான் என் தவறு. அந்தச் சோதனை வரைந்த அளவை மட்டுமே பார்க்கிறது. கடையில் வாங்கும் வாசர் அந்த அளவில் வருவதில்லை.

எம்20 வாசரின் தடிப்பு 3 என்றாலும், 2.7 முதல் 3.3 வரை தரநிலை அனுமதிக்கிறது. இடைக்குழாயின் 20க்குப் பொது டொலரன்ஸ், அதாவது அளவு எவ்வளவு விலகலாம் என்ற எல்லை, நடுத்தர வகுப்பில் ±0.2. பிராக்கெட்டுக்கு நான் ±0.3 போட்டிருந்தேன். பெயரிங் மட்டும் வேறு விதம்: சாதாரண வகுப்பில் அதன் அகலம் 14ஐத் தாண்டாது, 0.12 வரை குறையலாம். ஆகவே மாடலில் உள்ள 14 நடு அளவு அல்ல, மேல் எல்லை. எந்த எண் நடுவில் நிற்கிறது, எது ஓரத்தில் நிற்கிறது என்று பார்க்காமல் கூட்டினால் விடை பிசகும்.

மோசமான நிலையைப் பார்ப்போம். பிராக்கெட் மிகக் குறுகி 54.3, உள்ளே எல்லாம் மிகப் பருத்து 3.3, 14, 20.2, 14, 3.3, அதாவது 54.8. இடைவெளி மூடுவதோடு நிற்கவில்லை, அரை மில்லிமீற்றர் இடமே போதவில்லை.

"எல்லாம் ஒரே நேரத்தில் ஓரத்துக்குப் போகுமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்காகத்தான் டொலரன்ஸ்களின் வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுக்கும் முறை இருக்கிறது. பெயரிங்கை 13.94 ±0.06 என்று நடுவுக்குக் கொண்டுவந்தால் சராசரி இடைவெளி 0.72. வர்க்கமூலக் கணக்கில் மாறுதல் ±0.56. குறைந்தது 0.16 மிஞ்சுகிறது, தப்பிவிட்டோம் போலத் தோன்றும். ஆனால் பாகங்கள் ஒன்றையொன்று சாராமல் மாறும்போதுதான் அந்தக் கணக்கு செல்லும். ஒரே பொதியிலிருந்து எடுத்த இரண்டு வாசர்கள் பெரும்பாலும் ஒரே தகட்டில் வெட்டியவை; ஒன்று தடித்தால் மற்றதும் தடிக்கும். இரண்டையும் சேர்த்து ±0.6 கொண்ட ஒரே பாகமாக வைத்தேன். மிச்சம் 0.02 கூட இல்லை.

பிறகு வேர்னியரை எடுத்துக்கொண்டு எட்டுப் பிராக்கெட்டுகளையும் வண்ணம் பூசிய பின் அளந்தேன். 54.2 முதல் 54.5 வரை, ஒன்றுகூட 54.6ஐத் தொடவில்லை. வெல்டிங் ஆறும்போது சுவர்களை உள்ளே இழுத்திருக்கிறது. கடைசல் வேலைக்கான பொது டொலரன்ஸை வெல்டிங் அளவுக்குப் போட்டிருக்கக் கூடாது. வெல்டிங்குக்கு உரிய ஐஎஸ்ஓ 13920 இந்த நீளத்துக்கு மிக இறுக்கமான வகுப்பிலேயே ±1 கொடுக்கிறது. நடுவிலிருந்து எல்லாமே ஒரு பக்கம் சாய்ந்த பின் வர்க்கமூலக் கணக்குக்கு அங்கே இடமில்லை.

இடைக்குழாயைக் கூடுதல் கவனத்தோடு கடைவோம் என்றார் பட்டறைக்காரர். அதில் பயன் குறைவு, பெரிய பங்கு வாசர்களுடையது. அவற்றுக்குப் பதில் 3 ±0.05இல் வளையங்கள் கடைந்தோம். இடைக்குழாயை 19.7 ஆக்கி ±0.2ஐ அப்படியே விட்டோம். இப்போது மிகக் குறுகிய 54.2 பிராக்கெட்டில் 3.05, 14, 19.9, 14, 3.05 என்று போட்டாலும் 0.2 இடைவெளி மிஞ்சும். மறுபக்கம் 1.34 வரை தளரலாம். உருளை தட்டையானது, பெல்ட்டின் முதுகில் ஓடுவது. பள்ளம் வெட்டிய கப்பியாக இருந்தால் இந்தத் தளர்வை விட்டிருக்க மாட்டேன்.

எட்டும் கையால் தள்ளியே உள்ளே போயின. எடுக்க வந்த விவசாயி ஒருவர் உருளையைப் பிடித்து ஆட்டிப் பார்த்து, "ஆடுகிறதே தம்பி" என்றார். ஆடட்டும் ஐயா என்றேன்.